காரகனும் பாவாதிபதியும்
(கிளிநொச்சியில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வன்னி நிலத்திலே சாதகம் பார்க்க அமரும் ஒருவருக்கு, வேறெங்கும் இத்தனை அடிக்கடி நேராத ஓர் இக்கட்டு நேர்கின்றது. எதிரே வந்து அமரும் தாயிடம் பிள்ளையின் குறிப்பைக் கேட்டால், அவர் வெறுங்கையை விரிக்கின்றார். காணி உறுதியையும் அடையாள அட்டையையும் மடியிலே கட்டிக்கொண்டு ஊர் ஊராக நகர்ந்த காலத்தில், குறிப்பு எழுதிய கொப்பி ஏதோ ஒரு வீட்டுக் கூரையோடு எரிந்தது, அல்லது ஏதோ ஒரு பதுங்குகுழியிலே நனைந்து மண்ணாயிற்று. சில பிள்ளைகளுக்கோ குறிப்பு என்று ஒன்று எழுதப்படவே இல்லை. பிறந்த நாள் தாய்க்கு நினைவிருக்கின்றது, கிழமையும் நினைவிருக்கின்றது, மணிதான் நினைவில்லை. மணிக்கூட்டைப் பார்க்கும் நிலையில் அன்று அங்கே ஒருவரும் இருக்கவில்லை.

பிறந்த நேரம் தொலைந்துவிட்டால் சாதகத்திலே எது தொலைகின்றது, எது எஞ்சி நிற்கின்றது என்னும் கேள்வியிலிருந்துதான் இன்றைய பொருளுக்குள் நுழைய விரும்புகின்றேன். தொலைவது லக்கினம், லக்கினத்தோடு பன்னிரண்டு பாவங்களும், அப்பாவங்களுக்கு இன்ன இன்ன கிரகமே அதிபதி என்னும் நிர்ணயமும் தொலைகின்றன. எஞ்சி நிற்பவை கிரகங்கள் அன்று நின்ற இராசிகளும், அக்கிரகங்களுக்கு இயல்பாகவே உரிய காரகத்துவமுமாம். ஆதலினாலே, நேரம் அறியாத சாதகத்தைக் கையில் எடுத்தவர், எஞ்சியிருக்கும் காரகனை மட்டும் பிடித்துக்கொண்டு, “குரு நீசம், பிள்ளைப்பாக்கியம் இல்லை” என்று ஒரே மூச்சிற் சொல்லிவிடும் ஆசைக்கு எளிதில் ஆளாகின்றார். அப்படிச் சொல்லுவது சாத்திரம் ஆகாது என்பதே நான் இன்று நிலைநாட்ட முயலும் கருத்து.

காரகன் என்றால் யார்? ஒன்றைச் செய்விப்பவன், ஒன்றுக்குக் காரணமாய் நிற்பவன் என்பது சொல்லின் பொருள். தந்தைக்குச் சூரியன், தாய்க்கும் மனத்துக்கும் சந்திரன், உடன்பிறந்தாருக்கும் பூமிக்கும் செவ்வாய், வித்தைக்குப் புதன், புத்திரருக்கும் தனத்துக்கும் குரு, களத்திரத்துக்குச் சுக்கிரன், ஆயுளுக்குச் சனி என்று பராசரர் பெயரால் வழங்கும் ஹோரா நூலும், மந்திரேசுவரரின் பலதீபிகையும், உத்தர காலாமிர்தமும் சிற்சில வேறுபாடுகளோடு வகுத்துரைக்கின்றன. இவ்வுரிமை எந்தச் சாதகத்திலும் மாறுவதில்லை. கிளிநொச்சியிற் பிறந்தவனுக்கும் காசியிற் பிறந்தவனுக்கும் புத்திரகாரகன் குருவே. இதனாலேதான் இவர்களை இயற்கைக் காரகர் என்று சொல்லுகின்றோம். கிரகங்கள் இராசியிலே கடந்த பாகையின் ஏற்றத்தாழ்வைக் கொண்டு ஆளுக்கு ஆள் மாறுபடும் காரகரைச் சைமினி முனிவரின் முறை கூறும்; அது வேறு துறையாதலால் அதனை இன்று தொடாது விடுகின்றேன்.

பாவாதிபதியின் இயல்பு இதற்கு நேர்மாறானது. லக்கினம் ஒரு நாளிற் பன்னிரண்டு இராசிகளையும் சுற்றி வருவதால், ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை அது மாறுகின்றது. அது மாறும்போது ஐந்தாம் வீடும் மாறுகின்றது, ஐந்துக்கு உடையவனும் மாறுகின்றான். காலையிற் பிறந்த பிள்ளைக்கு ஐந்துக்கு உடையவன் சந்திரனாயிருக்க, அதே நாள் மாலையிற் பிறந்த பிள்ளைக்கு அவ்வுரிமை செவ்வாய்க்குப் போய்விடும். குருவோ ஓர் இராசியைக் கடக்க ஓராண்டளவு எடுக்கின்றார். அந்த ஓராண்டிலே உலகமெங்கும் பிறக்கும் குழந்தைகள் அனைவருக்கும் அவர் அதே இராசியிலேதான் நிற்பார். ஆகவே காரகன் நிற்கும் இராசி ஊருக்குப் பொது. பாவாதிபதியோ ஆளுக்குத் தனி. இந்த வேற்றுமையை மனத்திற் பதித்துக்கொண்டால் மற்றவை எல்லாம் தாமே தெளிவாகும்.

நம் மண்ணின் வழக்கிலேயே இதனைச் சொல்லிப் பார்க்கின்றேன். இரணைமடுக் குளம் கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டியது. அதன் கீழே வயல் வைத்திருப்போர் அனைவருக்கும் அந்நீர் பொது. குளத்திலே நீர் குறைந்த ஆண்டில் எல்லோருக்கும் சிறுபோகம் சுருங்கும் என்பது உண்மையே. ஆயினும் இன்ன வயல் விளையுமா என்று கேட்டால், குளத்து நீர்மட்டத்தை மாத்திரம் பார்த்து விடை சொல்லும் கமக்காரன் ஒருவனும் இல்லை. அவ்வயல் மேட்டிலே இருக்கின்றதா பள்ளத்திலே இருக்கின்றதா, வாய்க்கால் அதன் வரம்புவரை வருகின்றதா, வயலுக்கு உரியவன் ஊரிலே இருக்கின்றானா, வலுவுள்ளவனா என்பவற்றையெல்லாம் அவன் கேட்பான். வயல் பாவம், வயலுக்கு உரியவன் பாவாதிபதி, குளத்து நீர் காரகன். இம்மூன்றும் கூடிய இடத்திலேதான் விளைச்சல் என்பது.

அங்ஙனமே, பிள்ளைப்பாக்கியத்தை ஆராயப் புகுந்தவர் நான்கு படிகளை வரிசையாக ஏறவேண்டும். முதலாவது, ஐந்தாம் வீட்டிலே யார் நிற்கின்றார், அதனை யார் பார்க்கின்றார் என்பது. இரண்டாவது, ஐந்துக்கு உடையவன் எந்த வீட்டில், எந்த நிலையில், யாரோடு நிற்கின்றான் என்பது. மூன்றாவது, காரகனாகிய குருவின் பலம். நான்காவது, பலரும் மறந்துவிடுவது: குரு நின்ற இராசியையே லக்கினமாக வைத்து, அதற்கு ஐந்தாம் வீட்டையும் அவ்வீட்டுக்கு உடையவனையும் பார்ப்பது. தந்தையைப் பற்றி அறியச் சூரியனையும், தாயைப் பற்றி அறியச் சந்திரனையும் லக்கினமாக வைத்து எண்ணிப் பார்ப்பதும் இவ்வகையினதே. காரகன் தான் நின்ற இடத்திலே மெலிந்திருந்தாலும், அவனிடத்திலிருந்து எண்ணிய பாவம் வலுத்திருக்கக்கூடும் என்பதனால், இந்த நான்காம் படியை ஏறாமல் தீர்ப்புச் சொல்லுவது குறைப்பட்ட தீர்ப்பாகும்.

இனி ஒரு நாளை எடுத்துக்கொண்டு, அதிலே இவற்றைப் பொருத்திப் பார்ப்போம். 2009ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 1ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை; சர்வதாரி வருஷத்து மாசி மாதம். அந்த நாட்களிலே வன்னி மக்கள் எங்கே, எவ்வாறு இருந்தார்கள் என்பதை இந்த அவைக்கு நான் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. அந்த நாட்களிலும் பிள்ளைகள் பிறந்தார்கள். எந்த ஒரு பிள்ளையையும் சுட்டாமல், அன்றைய ஆகாயத்தை மாத்திரம் எடுத்துக்கொள்ளுகின்றேன். குரு மகரத்திலே நீசமாக நின்றார். அவரோடு அதே மகரத்தில் இராகுவும், புதனும், உச்சம் பெற்ற செவ்வாயும் கூடியிருந்தனர். சூரியன் கும்பத்திலும், சுக்கிரன் தன் உச்ச வீடாகிய மீனத்திலும், சந்திரன் மேடத்து அசுவினியிலும், கேது கடகத்திலும், சனி சிங்கத்தில் வக்கிரமாகவும் இருந்தனர்.

காரகனை மட்டும் பார்ப்பவர் இதனைக் கண்டவுடனே கையை விரித்துவிடுவார். புத்திரகாரகன் நீசம், போதாக்குறைக்கு இராகுவின் கூட்டு. அன்று பிறந்த அத்தனை பேருக்கும் ஒரே பலன் என்று முடித்துவிடுவார். நாம் அவசரப்படாமல், அன்றைய பகலில் ஒரு நேரத்தையும் இரவில் ஒரு நேரத்தையும் எடுத்துப் பார்ப்போம்.

முற்பகல் பதினொன்றே முக்கால் மணிக்குப் பிறந்த பிள்ளைக்கு லக்கினம் இடபம். ஐந்தாம் வீடு கன்னி. அதற்கு உடையவன் புதன். அப்புதன் ஒன்பதாம் வீடாகிய மகரத்திலே, அதாவது பாக்கியத் திரிகோணத்திலே, காரகனாகிய குருவோடு கூடி நிற்கின்றான். ஐந்துக்கு உடையவனும் புத்திரகாரகனும் ஒரே திரிகோணத்தில் ஒன்றுபட்டது முதல் நன்மை. மகரத்திலிருந்து குரு தன் ஒன்பதாம் பார்வையினாலே கன்னியைப் பார்க்கின்றார். காரகன் தன் பாவத்தைப் பார்ப்பது இரண்டாம் நன்மை. லக்கினாதிபதியாகிய சுக்கிரன் பதினொராம் வீட்டிலே உச்சமாய் நின்று, தன் ஏழாம் பார்வையை அதே கன்னியின்மேல் விடுகின்றான். இது மூன்றாம் நன்மை. குருவுக்கு ஐந்தாம் வீட்டை எண்ணினால் அது இடபமாகிய லக்கினமே ஆகின்றது; அதற்கு உடையவனும் அந்த உச்சச் சுக்கிரனே. குறை இல்லையா என்றால், உண்டு. இராகுவின் கூட்டு ஐந்துக்கு உடையவனையும் காரகனையும் ஒருங்கே தொடுகின்றது. இடப லக்கினத்துக்குக் குரு எட்டுக்கும் உடையவர். ஆகவே தாமதத்தையோ கவலையையோ சொல்லலாம். இன்மையைச் சொல்ல நூல் இடங்கொடாது. குருவின் நீசம் இங்கே ஒரு குறை மாத்திரமே, தீர்ப்பு அன்று.

அதே ஞாயிறு இரவு எட்டு மணிக்குப் பிறந்த பிள்ளைக்கு லக்கினம் கன்னி. இப்போது ஐந்தாம் வீடே மகரம் ஆகிவிடுகின்றது. நீசக் குருவும், இராகுவும், செவ்வாயும், புதனும் ஐந்தாம் வீட்டுக்குள்ளேயே வந்து குவிந்துவிட்டனர். ஐந்துக்கு உடையவனாகிய சனி, பன்னிரண்டாம் வீடாகிய சிங்கத்திலே, தனக்குப் பகை வீட்டிலே, வக்கிரமாகி மறைந்துவிட்டான். செவ்வாய் உச்சம் பெற்றவனேயாயினும் கன்னி லக்கினத்துக்கு மூன்றுக்கும் எட்டுக்கும் உடையவன். பாவமும் கெட்டது, பாவாதிபதியும் மறைந்தான், காரகனும் மெலிந்தான் என்று, மூன்று சாட்சிகளும் ஒருமுகமாகப் பேசும் நிலை இது. இந்தச் சாதகத்தைப் பார்த்துச் சாத்திரியார் ஒருவர் கவலைப்பட்டால் அக்கவலைக்குக் காரணம் உண்டு.

இரண்டு சாதகங்களுக்கும் நாள் ஒன்று. குரு நின்ற இராசியும் ஒன்று. சந்திரன் நின்ற இராசியும் நட்சத்திரமும்கூட ஒன்றே. வேறுபட்டது எட்டேகால் மணித்தியாலம். அந்த எட்டேகால் மணித்தியாலம் ஐந்தாம் வீட்டின் உரிமையைப் புதனிடமிருந்து சனிக்கு மாற்றி, ஒன்பதாம் வீட்டிலே நின்ற குருவை ஐந்தாம் வீட்டுக்குள்ளே கொண்டுவந்து சேர்த்துவிட்டது. காரகனை மட்டும் பார்த்தவர் இருவருக்கும் ஒரே பலன் சொல்லியிருப்பார். அவர் சொன்னது ஒருவர் விஷயத்திலே நிச்சயமாகப் பிழைத்திருக்கும்.

கன்னி லக்கினத்தைப் பற்றிப் பேசும்போது இன்னொரு விதியையும் இங்கே எடுத்து ஆராய்வது தகும். காரகோ பாவநாஸ்தி என்று நம்மவர் வழங்கும் விதி, ஒரு பாவத்துக்குக் காரகனாயுள்ள கிரகம் அதே பாவத்திலே நின்றால் அப்பாவத்தைக் கெடுக்கும் என்று சொல்லுகின்றது. ஐந்திலே குரு, ஏழிலே சுக்கிரன், மூன்றிலே செவ்வாய் என்பன இதற்கு வழமையாகக் காட்டப்படும் உதாரணங்கள். ஆனால் ஆயுட்காரகனாகிய சனி எட்டாம் வீட்டிலே நின்றால் தீர்க்காயுளைத் தருவான் என்று நூல்களே விலக்கும் கூறுகின்றன. விலக்கு உள்ள விதியை விலக்கில்லாத விதிபோலச் சொல்லுதல் கூடாது. மேலும் இவ்விதி, பாவாதிபதி பலங்குன்றிய இடத்திலே மாத்திரம் முழுமையாகப் பலிக்கும் என்பதே அனுபவமுள்ளவர்களின் அபிப்பிராயம். ஐந்திலே குரு இருந்தும், ஐந்துக்கு உடையவன் கேந்திரத்திலோ திரிகோணத்திலோ வலுத்திருப்பானாயின், குழந்தைகள் சிலராகவோ தாமதமாகவோ வருவதைச் சொல்லுவர். பாவமே அற்றுப்போயிற்று என்று சொல்லார். நாம் எடுத்த கன்னி லக்கினத்திலே பாவாதிபதியும் மறைந்தமையாலேதான் விதி வலுக்கின்றது.

அங்கேயும் முற்றாகக் கதவடைக்கக் கூடாது. நான்காம் படியை ஏறிப் பார்ப்போம். குருவுக்கு ஐந்தாம் வீடு இடபம். அதற்கு உடையவனாகிய சுக்கிரன், கன்னி லக்கினத்துக்கு ஏழாம் வீடாகிய மீனத்திலே, கேந்திரத்திலே, உச்சம் பெற்று நிற்கின்றான். மேலும், ஒரு கிரகம் நீசமான இராசியில் உச்சம் அடையும் கிரகம் லக்கினத்துக்கோ சந்திரனுக்கோ கேந்திரத்தில் நிற்குமாயின் நீசபங்கம் என்பது ஒரு விதி. மகரத்திலே உச்சமாகும் செவ்வாய், மேடத்துச் சந்திரனுக்குப் பத்தாம் இடமாகிய கேந்திரத்திலே, அதுவும் குருவோடு கூடியே நிற்கின்றான். எனவே காரகனின் மெலிவுக்கு ஒரு முட்டுக் கொடுக்கப்பட்டிருக்கின்றது. இவ்வளவையும் எடைபோட்டபின், தாமதம் உண்டு, வைத்திய உதவி வேண்டியிருக்கலாம், வாழ்க்கைத் துணையின் சாதகத்தையும் பார்த்தாலன்றி முடிவு சொல்லலாகாது என்ற அளவிலே சாத்திரியார் வாயை அடக்கிக்கொள்ளவேண்டும். பிள்ளைப்பாக்கியம் இருவருக்குரியது, ஒருவர் சாதகத்தைக் கொண்டு அதனைத் தீர்த்துவிட முடியாது.

இனி, முதலிலே கேட்ட கேள்விக்கு வருகின்றேன். நேரமே தெரியாத பிள்ளைக்கு என்ன செய்வது? சந்திரன் ஓர் இராசியிலே இரண்டே கால் நாளளவு தங்குவதால், நாள் தெரிந்தால் சந்திர லக்கினம் பெரும்பாலும் கிடைத்துவிடும். அதிலிருந்து பாவங்களை எண்ணலாம். நாம் எடுத்த நாளிலே சந்திரன் மேடத்தில் இருந்ததால், ஐந்தாம் வீடு சிங்கம். அங்கே சனி இருக்கின்றான். ஆனால் அவ்வீட்டுக்கு உடைய சூரியன் பதினொராம் வீடாகிய கும்பத்திலிருந்து தன் வீட்டை நேரே பார்க்கின்றான். இவ்வாறு நன்மையும் தீமையும் கலந்த ஒரு பொதுச் சித்திரம் கிடைக்கும். ஆயினும் இதுவும் அந்த இரண்டே கால் நாளிலே பிறந்த அனைவருக்கும் பொதுவானதே. ஆகையினாலே பொதுச் சித்திரத்தைப் பொதுச் சித்திரம் என்றே சொல்லி நிறுத்துதல் வேண்டும். தாயின் நினைவிலுள்ள குறிகளைக் கொண்டு, பொழுதுபட்டு எவ்வளவு நேரம், விளக்கு வைத்தாயிற்றா, விடியப் புறத்தாலா என்று கேட்டு லக்கினத்தை நெருங்குவோரும் உண்டு; அது நல்ல முயற்சிதான். ஆனால் முன்னரே மனத்தில் வைத்துக்கொண்ட பலனுக்கு ஏற்றவாறு நேரத்தை வளைத்துக்கொள்ளும் ஆபத்தும் அதிலேதான் இருக்கின்றது. லக்கினம் இரண்டில் ஒன்றாக இருக்கலாம் என்று ஐயம் வந்தால், இரண்டு லக்கினத்துக்கும் பலனை எழுதி, இரண்டும் ஒத்துவரும் பகுதியை மாத்திரம் சொல்லுவதே நேர்மையான வழி.

குருவின் நீசத்தை மாத்திரம் கொண்டு பலன் சொல்லுதல் பிழை என்பதற்கு நூல் தேடிப் போகவேண்டியதில்லை. நம் ஊர்களே பிரத்தியட்சப் பிரமாணம். 2009ஆம் ஆண்டுக்கு ஏறக்குறையப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்னே, 1997ஆம் ஆண்டிலும் குரு மகரத்திலேதான் இருந்தார். வலிகாமத்து மக்கள் 1995ஆம் ஆண்டு இறுதியிலே ஊரை விட்டுப் பெயர்ந்து, அவர்களிற் பலர் வன்னிக்கு வந்து தங்கியிருந்த காலம் அது. அந்த ஆண்டிலே இங்கே பிறந்தவர்கள் இன்றைக்குத் தாய்மாராயும் தந்தைமாராயும் இருக்கின்றார்கள். அவர்களுடைய பிள்ளைகளைக் கோயில் வீதியிலும் பாடசாலை வாசலிலும் நீங்கள் நாள்தோறும் காண்கின்றீர்கள். நீசக் குரு பிள்ளைப்பாக்கியத்தை மறுப்பார் என்பது முழு உண்மையானால், அந்த வயதினரிலே ஒருவருக்கும் பிள்ளை இருக்கலாகாது. இருக்கின்றதை இல்லை என்று சொல்லும் விதியை, விதி என்று எவ்வாறு கொள்ளுவது?

இப்போது 2009இல் பிறந்தவர்களின் முறை வருகின்றது. இன்னும் சில ஆண்டுகளிலே அவர்களுடைய குறிப்புகள் பொருத்தம் பார்க்க வரும். அவற்றிற் பல நேரம் எழுதாத குறிப்புகளாயிருக்கும். பலவற்றிலே குரு மகரத்தில் இராகுவோடு இருப்பார். அவற்றைக் கையில் எடுக்கும் சாத்திரியார்மாரை நான் கைகூப்பிக் கேட்டுக்கொள்ளுவது ஒன்று: ஐந்தாம் வீட்டுக்கு உடையவன் யார் என்று நிச்சயமாகத் தெரியாத சாதகத்திலே, காரகனை மட்டும் கண்டு, ஒரு பெண்ணின் தலையிலே பிள்ளையில்லாதவள் என்னும் சொல்லைச் சுமத்தி அனுப்பாதீர்கள். அந்தச் சொல் ஒரு கலியாணத்தை நிறுத்தவல்லது. நின்றபின் அதனைத் திருத்த எந்தப் பரிகாரத்தாலும் இயலாது.

இங்கே வந்திருக்கும் தாய்மாரைக் கேட்டுக்கொள்ளுவதும் ஒன்று உண்டு. வீட்டிலே பிள்ளை பிறந்தால், வைத்தியசாலையிலே கேட்டுப் பிறந்த நேரத்தை மணியோடும் நிமிடத்தோடும் அன்றைக்கே எழுதுங்கள். ஒரு பிரதியை வீட்டிலும் இன்னொரு பிரதியை உறவினர் ஒருவரிடத்திலும் வையுங்கள். குரு எங்கே நின்றார் என்பதை எந்தப் பழைய பஞ்சாங்கத்திலும் எடுத்துக்கொள்ளலாம். பிள்ளை பிறந்த மணியை எந்தப் பஞ்சாங்கத்திலும் எடுக்க முடியாது.